வடசென்னைத் தாளை விரித்து வைத்து டோபோ ஷீட் படிப்பது

கூகுள் மேப்பில் வளர்ந்த கண்ணுக்கு இந்திய நில அளவைத் துறையின் டோபோ ஷீட் முதலில் வெறும் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள் பின்னிக் கிடப்பதாகத்தான் தெரியும். ஆனால் அதில் காரணமில்லாமல் போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. எந்தக் கோடு எதைச் சொல்கிறது என்பது தாளின் அடியோரத்தில் குறிவிளக்கமாக அச்சாகியிருக்கிறது. அதை எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதை வடசென்னைத் தாளை வைத்தே பார்க்கலாம். கடல், கால்வாய், ரயில், நெடுஞ்சாலை, உப்பளம், குப்பம் எல்லாம் இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எந்தத் தாள்?

1:50,000 அளவில் ஒவ்வொரு தாளும் அட்சத்தில் 15 நிமிடம், தீர்க்கத்தில் 15 நிமிடம் கொண்ட ஒரு கட்டம். வடசென்னையின் பெரும்பகுதி பழைய எண்ணிடும் முறையில் 66 C/8 என்ற தாளில் வருகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் எல்லாம் அதற்குள். பெரம்பூரும் மாதவரமும் கிழக்கு 80 பாகை 15 நிமிடக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் 66 C/4க்குப் போய்விடும். எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி வடக்கே காமராஜர் துறைமுகம் பக்கம் போனால் 66 C/7 வேண்டும். மணலியிலிருந்து மாதவரம் போகிற சாலையைத் தொடரும்போது கோடு தாளின் ஓரத்தில் அறுந்து நிற்கிறதென்றால், சாலை அங்கே முடியவில்லை, தாள்தான் முடிகிறது. இப்போது பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஓப்பன் சீரிஸ் தாள்களில் எண் D44 என்று தொடங்கும். நில அளவைத் துறையின் ஆன்லைன் தளத்தில் பதிவு செய்துகொண்டு பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம்.

ஓப்பன் சீரிஸ் தாளில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைப்படி, பாதுகாப்பு காரணமாக முக்கியமாகக் கருதப்படும் ராணுவ, சிவில் இடங்கள் அதில் காட்டப்படுவதில்லை. துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த வடசென்னையில், தாளில் ஒரு இடம் வெறுமையாக இருந்தால் அங்கே தரையிலும் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறிகளுக்கு முன்னால் ஓரத்தைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேரே தன் தெருவைத் தேடப் போவார்கள். அதற்கு முன் ஓரத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, அளவை செய்த ஆண்டு. பதிப்பு ஆண்டு வேறு, அளவை ஆண்டு வேறு. புதிய பதிப்பாக அச்சிட்டிருந்தாலும் தரையில் போய் அளந்தது அதற்குப் பல வருடம் முன்னால் இருக்கலாம். நாம் படிக்கப் போகும் எல்லாக் குறிகளும் அந்த அளவை ஆண்டின் நிலவரம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். காமராஜர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது 2001இல். 1970களில் அளந்த தாளில் இவற்றைத் தேடிக் காணவில்லை என்றால் தாளின் மேல் குறை சொல்லக் கூடாது.

இரண்டு, அளவுகோல். 1:50,000 என்றால் தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். வளைந்து போகும் சாலைமேல் ஒரு நூலை ஒட்டிப் பிடித்து, பிறகு நூலை நீட்டி ஸ்கேலில் வைத்தால் 10 சென்டிமீட்டர் வந்தால் 5 கிலோமீட்டர். இதில் ஒரு பொறி இருக்கிறது. சென்னை இருக்கும் அட்சத்தில் ஒரு முழுத் தாளின் வரைபடப் பகுதி சுமார் 54 சென்டிமீட்டர் அகலம், 55 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பிடிஎஃப்பை பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஏ4 தாளில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று கூடுதலான அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் மூலையில் 1:50,000 என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கும். அதை நம்பி 2 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் எல்லாத் தூரமும் தப்பு. சுருக்கிய பிரதியில் அடியில் அச்சிட்டிருக்கும் கோட்டு அளவுகோலை மட்டும் நம்புங்கள். படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்குவதால் அது பொய் சொல்லாது.

நிறத்தில் தொடங்குங்கள்

குறிவிளக்கத்தை மேலிருந்து கீழே மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் நிறம், அப்புறம் கோட்டின் வகை, அதற்கப்புறம் பக்கத்திலுள்ள சிறு எழுத்து. இந்த வரிசையில் போனால் முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிடும்.

சிவப்பு என்றால் மனிதன் நடந்தும் வண்டியிலும் போகும் வழிகள், வீடுகள். கறுப்பு என்றால் ரயில், எல்லைகள், பெரும்பாலான எழுத்துகள். நீலம் நீர். பச்சை மரம் செடி. மஞ்சள் சாயம் பயிர்நிலம். பழுப்பு நிலத்தின் மேடுபள்ளமும் மணலும். பச்சையும் மஞ்சளும் இல்லாமல் வெள்ளையாக விட்ட இடம் பயிரும் காடும் இல்லாத நிலம்.

சிவப்பிலேயே சாலையும் வீடும் வருவதால் குழப்பம் வரும் என்று தோன்றும். வராது, ஒன்று நீளும், இன்னொன்று புள்ளியாகவோ திட்டாகவோ நிற்கும். கறுப்பு இதற்கு நேர்மாறு. பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஓடையைக் கறுப்புக் கோட்டில் போடுவார்கள். அதை ஒற்றையடிப் பாதை என்றோ எல்லை என்றோ நினைத்துவிடுகிறவர்கள் நிறைய. வளைவைப் பாருங்கள். ஓடை நெளிந்து நெளிந்து, கிளை சேர்ந்து, கடைசியில் ஏரியிலோ ஆற்றிலோ போய் முடியும்.

சாலைகள்: முழுக்கோடா, வெட்டுக்கோடா

சாலைக் குறியில் இரண்டு கேள்விகள்தான் உண்டு. கோடு இரட்டையா ஒற்றையா? தொடர்ந்து போகிறதா, வெட்டி வெட்டிப் போகிறதா?

தொடர்ந்து போகும் இரட்டைச் சிவப்புக் கோடு கப்பியோ தாரோ போட்ட சாலை. அதே இரட்டைக் கோடு வெட்டி வெட்டி வந்தால் மண் சாலை. இரண்டிலும் முக்கியத்துவத்துக்கு ஏற்பக் கோட்டின் தடிமன் மாறும். எனவே தடிமனைப் பார்த்து ‘நல்ல ரோடு’ என்று முடிவு செய்யக் கூடாது; தடிமன் முக்கியத்துவத்தைத்தான் சொல்கிறது, தளம் எப்படி என்பதை முழுக்கோடா வெட்டுக்கோடா என்பது சொல்கிறது. ஒற்றையாக, மெல்லிய சிவப்புக் கீற்றுகளாகப் போவது வண்டித்தடம். புள்ளி புள்ளியாகப் போவது ஒற்றையடிப் பாதை. பொதிமாட்டுப் பாதை என்ற ஒரு குறியும் உண்டு. அது மலைக்காரர்களுக்கு, நமக்கு வேலையில்லை.

வடசென்னைத் தாளில் ஜிஎன்டி ரோட்டையும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையையும் கண்டுபிடிப்பது சுலபம். கொல்கத்தா நோக்கிப் போகும் ஜிஎன்டி ரோடு வடமேற்காக ஏறும். திருவொற்றியூர் சாலை கடலை ஒட்டி வடக்கே போகும். சாலையின்மேல் சிறு எண்கள் தெரிந்தால் அவை தூரக்கல்லின் எண்கள். எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதை அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். எண் குறையும் திசையில் தொடக்கம்.

இப்போது சாலைக் குறியில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று. தாளில் 1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சாலையை வரைந்தால் 1:50,000 அளவில் அது தரையில் 50 மீட்டர். அந்தக் காலத்துத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை எங்கே, 50 மீட்டர் எங்கே! ஆக, குறி தன் உண்மையான அகலத்தைக் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். சாலையின் நட்டநடு எங்கே என்பதைத்தான் அது சொல்கிறது. பெருக்கிய கோடு பக்கத்திலிருக்கும் பொருள்மேல் விழும்போது எதையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும். வரைபடம் வரைகிறவர்கள் நீர்க்கரையையும் ரயிலையும் கூடியவரை அசைக்காமல் வைத்துவிட்டு, சாலையையும் அதை ஒட்டிய கட்டடங்களையும் சற்றே தள்ளி வைப்பது வழக்கம்.

கடற்கரைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் ரயிலும் நெடுஞ்சாலையும் ஊரும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையிலான பட்டையில் இது நன்றாகத் தெரியும். அங்கே சாலையோரக் கோயில் ஒன்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று இந்தத் தாளில் அளந்து சொல்ல முயலாதீர்கள். கோயில் சாலைக்குக் கிழக்கா மேற்கா என்று கேளுங்கள். அதைத் தாள் சரியாகச் சொல்லும்.

ரயில்: கெட்டிக் கறுப்பு, கட்டம் போட்ட கறுப்பு

அகல ரயில்பாதை கெட்டியான கறுப்புக் கோடு. மீட்டர் பாதை போன்ற மற்ற அகலங்கள் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோடு. இரண்டிலும் ஒற்றை வழி, இரட்டை வழி, கட்டுமானத்தில் இருப்பது என்று தனித்தனிக் குறி குறிவிளக்கத்தில் அடுத்தடுத்துப் போட்டிருக்கும். அளவு ரொம்பச் சின்னது என்பதால் லென்ஸ் வைத்துப் பாருங்கள், அல்லது பிடிஎஃப்பைப் பெரிதாக்குங்கள். நிலையத்தின் பக்கத்தில் RS என்ற எழுத்து வரும்.

66 C/8 தாளின் பழைய பதிப்பு ஒன்று கையில் இருந்தால் இந்த இரண்டு வகையும் ஒரே இடத்தில் கிடைக்கும். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் போகும் பாதை வெகுகாலம் மீட்டர் பாதையாக இருந்தது; புறநகர் மீட்டர் பாதை வண்டிகள் 2004 வரை ஓடின. வடக்கே போவது அகலப் பாதை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எண்ணூர் வரை விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையமும் இதே கோட்டில்தான் இருக்கிறது. தாளில் மற்ற நிலையங்களுக்கு என்ன குறியோ அதே குறிதான் அதற்கும்.

முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து, எங்கோ போய் முட்டி நின்றுவிடும் மெல்லிய கறுப்புக் கோடுகளும் தெரியும். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் போகும் சைடிங்குகள் அவை. அவற்றில் நிலையம் இருக்காது. பயணப்பாதை என்று எண்ணித் தொடரத் தேவையில்லை.

எண்ணூர் பக்கம் இன்னொரு மெல்லிய கறுப்புக் கோடும் வரலாம். அது உயரழுத்த மின்கம்பி. ரயிலா மின்கம்பியா என்று சந்தேகம் வந்தால் திரும்பும் விதத்தைப் பாருங்கள். ரயில் எங்கும் மெதுவாக வளைந்துதான் திரும்பும். நீரைத் தாண்ட வேண்டுமென்றால் பாலக் குறி இருக்கும். மின்கம்பி உப்பளம், ஆறு, வயல் எதையும் பொருட்படுத்தாமல் நேராகப் போய், ஒரு கோபுரத்தில் கோணமாகத் திரும்பும்.

சாலையும் ரயிலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எந்தக் கோடு அறுந்து வழிவிடுகிறது என்று பாருங்கள். அறுந்தது கீழே போகிறது, தொடர்ந்தது மேலே பாலத்தில் போகிறது. இரண்டுமே அறாமல் ஒன்றையொன்று கடந்தால் கேட் போட்ட லெவல் கிராசிங். பழைய தாளில் கேட்டாக இருந்தது இன்று மேம்பாலமாகவோ சுரங்கப்பாதையாகவோ மாறியிருக்கலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளத்தின் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சிறு கோடுகள் ஒட்டி வந்தால் பாதை மண்மேட்டுக் கரைமேல் போகிறது. கரையருகே 3r என்று எழுதியிருந்தால் அது சுற்றுப்புறத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரம், கடல்மட்டத்திலிருந்து அல்ல. வடசென்னை போலச் சப்பையான நிலத்தில் இந்த r எழுத்துக்கு மதிப்பு அதிகம். 20 மீட்டருக்கு ஒன்று என்று போடும் சமஉயரக்கோடு இங்கே கண்ணில் படுவதே அரிது. எது மேடு, எங்கே வெள்ளம் தேங்கும் என்று கரைக் குறிகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

குடியிருப்புகள்

நிறைந்த ஊர் சிவப்புத் திட்டாகவே வரும்; அதில் தனி வீட்டைத் தேடிப் பயனில்லை. ஊரின் ஓரத்தில்தான் சுவாரசியம். நிரப்பிய சிறு சிவப்புச் சதுரம் நிலையான வீடு. கூடாரம் மாதிரி முக்கோணமாக இருந்தால் தற்காலிகக் குடிசை. உள்ளே நிரப்பாமல் கோடு மட்டும் இருந்தால் ஆளில்லாமல் கைவிட்ட ஊர்.

காசிமேட்டிலிருந்து நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் வரை கடலோரத்தில் தேடும்போது சதுரங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். கரைக்கு இணையாக வரிசையாக நின்றால் அது பெரும்பாலும் மீனவக் குப்பம். சாலையின் இரு பக்கமும் கோத்தது போல வந்தால் சாலையால் வளர்ந்த ஊர். குறிவிளக்கம் இந்த அமைப்பைச் சொல்லித் தராது, சதுரம் என்றால் வீடு என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

இந்தக் கரையில் ஒரு எச்சரிக்கை. சென்னைத் துறைமுகத்தைக் கட்டிய பின் அதற்கு வடக்கே கடல் நிலத்தை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கல் கொட்டித்தான் கரையைக் காத்து வைத்திருக்கிறார்கள். பழைய தாளில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே வீட்டுக்குறி இருந்தால், அந்த நிலமே இன்று இருக்கிறதா என்று சாட்டிலைட் படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பெயர்களைப் படிப்பதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எழுத்துகளுக்கிடையே நிறைய இடைவெளி விட்டுப் பரப்பி எழுதிய பெயர் ஓர் ஊருடையது அல்ல. ஒரு நிர்வாகப் பகுதிக்கோ வட்டாரத்துக்கோ உரியது. அதன் நடு எழுத்துக்குக் கீழே ஊரைத் தேடினால் கிடைக்காது. நெருக்கமாக எழுதிய பெயர்தான் பக்கத்திலுள்ள குடியிருப்புக்கு உரியது. ஒரே அளவு எழுத்தா என்றும் பாருங்கள். பெரிய ஊருக்குப் பெரிய எழுத்து. பெயரின் பக்கத்தில் PO இருந்தால் தபால் நிலையம், PS இருந்தால் காவல் நிலையம். அளவை ஆண்டில் எந்த ஊர் சுற்றுப்பட்டுக்கு மையமாக இருந்தது என்று இந்த இரண்டு எழுத்துகளிலிருந்தே ஊகிக்கலாம். கோயில், தேவாலயம், மசூதி ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. நின்ற இடத்தைச் சரிபார்க்க இவை நல்ல அடையாளம், ஏனென்றால் சாலை மாறினாலும் இவை மாறுவதில்லை.

மரம், செடி, வயல்

தாவரக் குறிகளில் சாயம் ஒன்று, சின்னம் ஒன்று, எழுத்து ஒன்று என்று மூன்று அடுக்கு உண்டு. மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பச்சைச் சாயம் மரம் நிறைந்த இடம் என்று மட்டும் சொல்லும். என்ன மரம் என்பதைச் சின்னம் சொல்லும்: பனைக்கு ஒன்று, மற்ற பனையினத்துக்கு ஒன்று, வாழைக்கு, மூங்கிலுக்கு, ஊசியிலை மரத்துக்கு, மற்ற மரங்களுக்கு என்று தனித்தனியாக. எவ்வளவு அடர்த்தி என்பதைச் சில சமயம் சொல்லாகவே எழுதிவிடுவார்கள். புதர், புல் இரண்டுக்கும் சின்னம் வேறு. நாணலுக்கும் சதுப்புக்கும் நீல நிறத்தில் சின்னம் வரும்.

சவுக்கு மரத்துக்குத் தனிச் சின்னம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வடசென்னைக்கு வடக்கே கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் ஏராளம். அவை ‘மற்ற மரங்கள்’ சின்னத்தில்தான் வரும். பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால்தான் சவுக்கு என்று உறுதியாகச் சொல்லலாம். அலையாத்தி மரங்களும் இப்படித்தான். மரச் சின்னமும் சதுப்புச் சின்னமும் ஓதம் ஏறும் நீர்க்கரையில் ஒன்றாக வந்தால் அலையாத்தியாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றி ஒரு சுற்று வாருங்கள். நேர்க்கரையோடு வருவது பக்கிங்காம் கால்வாய். நெளிந்து வந்து கடலில் சேர்வது கொசஸ்தலை ஆறு. கடலோரமாகப் பழுப்புப் புள்ளிகள் மணலைக் காட்டும். நீர்ப்பரப்பை ஒட்டிக் கட்டங்கட்டமாகப் பிரித்த நிலம் தெரிந்தால் உப்பளம். அதை வயல் என்று படித்துவிடக் கூடாது. வயல் என்றால் மஞ்சள் சாயம் இருக்கும், உப்பளத்தில் இருக்காது. மணலி, மாதவரம் பக்கம் பழைய தாள்களில் மஞ்சளைக் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம். இன்று கன்டெய்னர் யார்டாக இருக்கும் எத்தனையோ இடம் அளவை ஆண்டில் ஏரிப்பாசன வயல். அந்த வயல்களுக்குத் தண்ணீர் தந்த ஏரியையும் பக்கத்திலேயே தேடுங்கள். எப்போதும் நீர் இருக்கும் ஏரியை நீலத்தால் நிரப்புவார்கள். கோடையில் வற்றுவதற்கு வேறு குறி. வற்றும் ஏரியின் கரைக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, ஏரி இருந்ததே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

கடைசியாக RF. இந்த எழுத்தும் அதைச் சூழ்ந்த எல்லைக் கோடும் காப்புக்காடு என்ற சட்ட நிலையைக் குறிக்கின்றன, மரத்தை அல்ல. RF எல்லைக்குள்ளே வெள்ளையாகப் புதர்ச் சின்னம் மட்டும் இருக்கலாம். எல்லைக்கு வெளியே அடர்ந்த பச்சையில் ஒரு தனியார் தோப்பு இருக்கலாம். எது காடு என்று யாராவது கேட்டால், சட்டப்படியா, தரைப்படியா என்று திருப்பிக் கேட்டுவிட்டு, முதலாவதற்கு எல்லைக் கோட்டையும் இரண்டாவதற்குச் சாயத்தையும் சின்னத்தையும் காட்டுங்கள்.